ஒரே பாட்டில் ஒரு கல்யாணம்: ஹைலைட்ஸ் படத்தைக் கட்டமைக்கும் முறை

இரண்டு நாள் கல்யாணத்தை நான்கு நிமிடப் படமாகச் சுருக்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் பாட்டை டைம்லைனில் போட்டுவிட்டு, அழகாக வந்திருக்கும் ஷாட்டுகளைத் தொடக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். இரண்டாவது நிமிடத்துக்குள் நல்ல ஷாட்டுகள் தீர்ந்துவிடும். தாலி கட்டும் காட்சி, பாட்டின் ஏதோ ஒரு வரியின் நடுவில், எந்த முன்னேற்பாடும் இல்லாமல் வந்து போகும். அதன்பின் மீதி இருக்கும் ஒரு நிமிடத்தை ட்ரோன் காட்சிகளும் சாப்பாட்டுப் பந்தியும் நிரப்பும். இதைத் தவிர்க்க நான் பரிந்துரைக்கும் வழி, பாட்டின் அமைப்பை முதலில் அளந்துகொண்டு, தாலி கட்டும் கணம் பாட்டில் எங்கே வரவேண்டும் என்பதை வேறு எதற்கும் முன்பாக முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் படத்தைக் கட்டுவதாகும்.

விளக்கத்துக்காகத் தமிழ்நாட்டில் பரவலாக நடக்கும் ஒரு வகைக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். இடைவிடாமல் ஓடிய ஒரு ட்ரெடிஷனல் கேமராவும், தேவைப்பட்டபோது மட்டும் ஓடிய இரண்டு கேண்டிட் கேமராக்களும் சேர்ந்து ஏறத்தாழ ஏழு மணி நேரக் காட்சிகளைத் தந்திருக்கின்றன. படம் வினாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் வெளியாகும். கேண்டிட் காட்சிகளில் ஒரு பகுதி, பாதி வேகத்தில் ஓட்டுவதற்காக 50 பிரேமில் எடுக்கப்பட்டிருக்கிறது. மணமக்கள் கேட்டிருப்பது மெதுவான ஒரு மெலடி. அதன் நீளம் 4 நிமிடம் 16 வினாடி.

பாட்டை அளப்பது

தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், மீண்டும் பல்லவி, இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், இறுதிப் பல்லவி என்ற வரிசையில் அமைந்தவை. நமக்கு வேண்டிய கட்டமைப்பு இதிலேயே தயாராக இருக்கிறது. குரல் ஒலிக்கும் பகுதிகளும் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதிகளும் மாறிமாறி வருவதால், எங்கே பார்வையாளர் பாட்டு வரியைக் கேட்டுக்கொண்டிருப்பார், எங்கே படத்தை மட்டும் பார்ப்பார் என்பதை நாம் முன்கூட்டியே அறியமுடிகிறது.

பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தில் ஒரு மார்க்கர் இடுங்கள்; பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்விலும் இதற்கு M விசை போதும். அடுத்து தாளத்தை எண்ணுங்கள். நம் பாட்டு நிமிடத்துக்கு 75 அடிகள் கொண்டது. ஆகவே ஓர் அடி 0.8 வினாடி, அதாவது 20 பிரேம். நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்று 3.2 வினாடி, அதாவது 80 பிரேம். முழுப் பாட்டும் 80 சுற்றுகளாக அமைகிறது. முன்னிசைக்கு 8, பல்லவிக்கு 12, முதல் இடையிசைக்கு 10, முதல் சரணத்துக்கு 14, மீண்டும் வரும் பல்லவிக்கு 4, இரண்டாம் இடையிசைக்கு 10, இரண்டாம் சரணத்துக்கு 14, இறுதிப் பல்லவிக்கு 8. இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. வேலை முடியும் வரை அடிக்கடி பார்க்கவேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. திஸ்ர நடையில், மூன்று மூன்றாக எண்ணும் பாட்டாக இருந்தால், நான்கின் கணக்கு பொருந்தாது. காதால் கேட்டு எங்கே கனமான அடி விழுகிறதோ அங்கே சுற்றின் தொடக்கத்தை வையுங்கள். இரண்டாவதாக, கலைஞர்கள் கூடி நேரடியாக வாசித்துப் பதிவுசெய்த பழைய பாட்டுகளில் வேகம் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. முதல் நிமிடத்தில் எண்ணிய கணக்கை அப்படியே நீட்டினால், மூன்றாவது நிமிடத்தில் மார்க்கர்கள் தாளத்தை விட்டு விலகிவிடும். அத்தகைய பாட்டுக்குக் கணக்கை நம்பாமல், பாட்டு ஓட ஓட ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் விசையைத் தட்டி மார்க்கர் இடவேண்டும்.

வரிகளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். மெட்டு இனிமையாக இருந்தாலும் சரணத்தில் பிரிவையோ ஏமாற்றத்தையோ பாடும் பாட்டுகள் தமிழில் ஏராளம். மணமகள் சிரிக்கும் முகத்தின் மேல் அத்தகைய வரி ஓடினால், குடும்பத்துப் பெரியவர்களுக்கு அது உறுத்தும். மணமக்களிடம் அந்த வரியைக் காட்டி முன்பே பேசிக்கொள்வது, முடித்த படத்தைப் பிரிப்பதைவிட எளிது. படத்தை யூடியூபில் ஏற்றப்போகிறார்கள் என்றால், இசை உரிமை பெற்ற நிறுவனம் அங்கே உரிமை கோரக்கூடும் என்பதையும், சில பாட்டுகளுக்கு வீடியோவே முடக்கப்படலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

தாலிக்கு இடம் குறிப்பது

இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. தாலி கட்டும் கணத்தை மூன்று இடங்களில் வைக்கலாம். இறுதிப் பல்லவியின் தொடக்கத்தில் வைத்தால் படம் உச்சத்தில் முடியும். ஆனால் அதன் பிறகு 26 வினாடிகள்தான் இருக்கும் என்பதால், அட்சதை தூவுவதும், தாயின் கண்ணீரும், அம்மி மிதிப்பதும், அருந்ததி பார்ப்பதும் நெருக்கித் தள்ளப்படும். முதல் இடையிசையில் வைத்தால் மிகச் சீக்கிரம். பார்வையாளருக்கு இந்த மனிதர்கள் யார் என்றே இன்னும் பழகியிருக்காது. நான் தேர்ந்தெடுப்பது இரண்டாம் இடையிசையின் முடிவை. நம் பாட்டில் அது 3 நிமிடம் 6 வினாடியில் வருகிறது. அதற்குப் பின் இரண்டாம் சரணமும் இறுதிப் பல்லவியுமாக 70 வினாடிகள் மிஞ்சுகின்றன. தாலிக்குப் பிறகு நடப்பவற்றுக்கு அது போதுமான இடம்.

இந்த இடத்தை விரும்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இடையிசையில் பாடுபவரின் குரல் இல்லை. புரோகிதரின் குரலையோ உறவினர் ஒருவரின் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்ற கூவலையோ அங்கே கேட்கவைக்கலாம். பாட்டு வரியோடு அது மோதாது. நான் இங்கே பாட்டையே எட்டு வினாடி நிறுத்திவிட்டு, மண்டபத்தின் உண்மையான கெட்டிமேளத்தை ஒலிக்கவிடுவேன். ஆகவே படத்தின் மொத்த நீளம் 4 நிமிடம் 24 வினாடியாகும்.

கிறிஸ்தவக் கல்யாணமாக இருந்தால் ஆலயத்தில் தாலியோ மோதிரமோ அணிவிக்கும் கணத்தையும், நிக்காஹ் ஆக இருந்தால் மணமகனும் மணமகளும் சம்மதம் சொல்லிக் கையெழுத்திடும் கணத்தையும் இதே இடத்தில் வைத்து இதே முறையில் கட்டலாம். எந்தக் கணம் தங்களுக்கு முதன்மையானது என்பதைக் குடும்பத்தாரிடமே கேட்டுவிடுவது முறை. சடங்குகள் சமூகத்துக்குச் சமூகம், ஊருக்கு ஊர் மாறும். நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதலுக்கு உள்ள இடத்தை வெளியிலிருந்து வரும் எடிட்டர் தானாக ஊகித்துவிட முடியாது.

கணங்களைத் தேர்ந்தெடுப்பது

ஏழு மணி நேரக் காட்சிகளையும் ஒலியோடு, இயல்பான வேகத்தில் ஒருமுறை பார்க்கவேண்டும். வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படுவது பெரிய அசைவுகள் மட்டுமே. மாலை மாற்றுவது தெரியும். மாலை மாற்றிய பின் மணமகன் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொள்ளும்போது மணமகள் வாயை மூடிச் சிரித்தது தெரியாது. ஹைலைட்ஸ் படத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இரண்டாவது வகைக் கணங்கள்தான்.

எதை எடுப்பது என்பதற்கு நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது. ஒரு செயலும் அதற்கு ஒருவரின் மறுவினையும் சேர்ந்து இருந்தால்தான் அது ஒரு கணம். தாரை வார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயின் மேல் தண்ணீர் விழுவது செயல். அந்தத் தண்ணீரை ஊற்றும் தாயின் கை நடுங்குவதும், தந்தை மகளின் கையைப் பிடித்தபடி நிமிர்ந்து வேறெங்கோ பார்ப்பதும் மறுவினை. இரண்டும் கிடைத்திருந்தால் அந்தக் கணம் படத்தில் இடம்பெறத் தகுதியுடையது. செயல் மட்டும் இருந்து, முகங்கள் கிடைக்காமல் போயிருந்தால், அது ட்ரெடிஷனல் வீடியோவில் இருக்கட்டும். ஹைலைட்ஸில் ஓரிரு வினாடி வந்துபோனாலே போதும்.

முதல் பார்வையில் நூற்றைம்பது ஷாட்டுகள்வரை தனியாக எடுத்துவைத்துக்கொள்ளலாம். அவற்றை மூன்று பைகளில் பிரியுங்கள்: இடத்தையும் பொருளையும் காட்டுபவை, செயலைக் காட்டுபவை, முகத்தைக் காட்டுபவை. பிரித்து முடித்ததும் எந்தப் பை பெருத்திருக்கிறது என்று பாருங்கள். புதியவர்களிடம் வழக்கமாக முதல் பைதான் நிரம்பியிருக்கும்: வாழைமரம், கோலம், மண்டப முகப்பு, புடவையின் ஜரிகை, வளையல், தட்டு வரிசை, ட்ரோனிலிருந்து மண்டபத்தின் கூரை. நம் கணக்குப்படி படத்துக்குத் தேவைப்படுவது மொத்தம் 86 ஷாட்டுகள்; அவற்றில் பொருளும் இடமும் பதினைந்தைத் தாண்டினால், பார்ப்பவர்களுக்கு மண்டபம் நினைவிருக்கும், மனிதர்கள் நினைவிருக்கமாட்டார்கள்.

அழகாக வந்த ஷாட்டை விடுவது கடினம் என்பது உண்மை. கிம்பலில் பத்து வினாடி மிதந்துவந்த காட்சியை எடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் கடினம். இருந்தாலும் சற்று ஆடிய, சற்று மங்கிய ஒரு ஷாட்டில் தாத்தா மேடையேறி வந்து பேத்தியின் தலையில் கை வைப்பது இருக்குமானால், நான் அதைத்தான் வைப்பேன். மங்கலாக இருப்பதைப் பார்ப்பவர் இரண்டு வினாடியில் மறந்துவிடுவார்.

வரிசைப்படுத்துவது

படத்தில் நாட்களை மாற்றி அடுக்கலாம். முகூர்த்தத்துக்குள் சடங்குகளை மாற்றி அடுக்கக்கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பங்கள் தீரும்.

நடந்த வரிசையிலேயே வைத்தால் வரவேற்பு முதலில் வரும். கோட்டு அணிந்த மாப்பிள்ளை, வண்ண விளக்குகள், நண்பர்களின் ஆட்டம் என்று தொடங்கும் படம், ஒரு நிமிடம் கழித்து விடியற்காலையின் அமைதிக்கு இறங்கவேண்டியிருக்கும். அந்த இறக்கத்தை மெலடி ஒன்றால் தாங்கமுடியாது. எனவே நான் விடியலில் தொடங்குகிறேன். முன்னிசையில் மண்டப வாசலில் இன்னும் ஈரம் காயாத கோலம், நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் நனைப்பது, பின்னலில் பூ வைத்துத் தைக்கும் விரல்கள், கண்ணாடியில் மணமகள், அவள் தோளுக்குப் பின்னால் நிற்கும் தாய். பல்லவியில் இரு வீட்டாரையும் அறிமுகப்படுத்தும் காட்சிகள். முதல் இடையிசையில் குரல் நின்று வாத்தியங்கள் வேகம் பிடிக்கும்போது முந்தைய நாள் வரவேற்பு நுழைகிறது. ஆடையும் விளக்கும் மாறிவிடுவதால், இது வேறு நாள் என்பது எந்த எழுத்தும் போடாமலே புரிந்துவிடும். சரணம் தொடங்கும்போது மீண்டும் முகூர்த்த மேடைக்கு வந்துவிடுகிறோம். அதன்பின் வரவேற்புக்குத் திரும்புவதில்லை. இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போனால் பார்ப்பவர்கள் காலத்தைத் தொலைத்துவிடுவார்கள்.

முகூர்த்தத்துக்குள் வரிசை தவறுவது, எடிட்டர் நினைப்பதைவிட அதிகமாகப் பார்ப்பவர் கண்ணில் படும். மெட்டி அணிவிப்பதைத் தாலிக்கு முன் வைத்தால், வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே கேட்பார்கள். வெளிப்படையான சடங்குகளில் இந்தத் தவறு அரிது. அடையாளம் தெரியாத க்ளோஸ்-அப்புகளில்தான் நிகழும். மணமகள் சிரிக்கும் ஒரு முகம் அழகாக இருக்கிறதென்று முதல் சரணத்தில் வைத்திருப்பீர்கள். உற்றுப்பார்த்தால் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரியும், வகிட்டில் குங்குமம் இருக்கும். ஆகவே தாலிக்கு முன் வைத்திருக்கும் ஒவ்வொரு மணமகள் ஷாட்டிலும் நான்கு இடங்களை நிறுத்திப் பார்க்கவேண்டும்: கழுத்து, வகிடு, மாலை, கால் விரல். புடவையையும் கவனியுங்கள். முகூர்த்தப் புடவை மாற்றிவந்த பிறகே தாலி கட்டும் வழக்கமுள்ள வீடுகளில், புடவையின் நிறமே எந்த ஷாட் எப்போது எடுத்தது என்று காட்டிக்கொடுக்கும். மணமகனுக்கும் இது பொருந்தும்; அட்சதையின் மஞ்சள் அரிசி தலைமுடியில் ஒட்டியிருக்கும் முகம், தாலிக்கு முன் வரவே முடியாது.

பாட்டோடு வேகத்தை இசைப்பது

தாளத்தின் ஒவ்வொரு அடியிலும் வெட்டுவது புதியவர்களின் வழக்கம். ஓர் அடிக்கு ஒரு ஷாட் என்றால் 20 பிரேம். ஒரு முகத்தை அடையாளம் கண்டு, அதன் உணர்ச்சியைப் படிக்க அது போதாது. பத்து வினாடிக்குப் பிறகு பார்ப்பவர்களுக்குத் தாளம் மட்டும் தெரியும், படம் தெரியாது. அதனால் நான் அலகாக வைத்துக்கொள்வது அடியை அல்ல, 80 பிரேம் கொண்ட சுற்றை. ஒரு ஷாட் ஒரு சுற்று நிற்பது இந்தப் பாட்டின் இயல்பான நடை. அதிலிருந்து எங்கே நீட்டுகிறோம், எங்கே குறுக்குகிறோம் என்பதுதான் படத்தின் வேகம்.

முன்னிசையின் 8 சுற்றுகளுக்கு ஐந்து ஷாட்டுகள் போதும். ஒவ்வொன்றும் ஐந்து வினாடிகள்வரை நிற்கும். பல்லவியில் சுற்றுக்கு ஒன்றாக 12. முதல் இடையிசையில் வரவேற்பின் துள்ளலுக்காக அரைச் சுற்றுக்கு ஒன்றாக, 40 பிரேம் வீதம் 20 ஷாட்டுகள். படத்தில் இவ்வளவு வேகமாக நீண்ட நேரம் ஓடும் பகுதி இது ஒன்றுதான். முதல் சரணத்தில் மீண்டும் சுற்றுக்கு ஒன்றாக 14. தாரை வார்ப்பது இங்கே வருகிறது. மீண்டும் வரும் பல்லவியின் 4 சுற்றுகளுக்கு மூன்று ஷாட்டுகள். இந்தச் சிறு தணிவு இல்லாவிட்டால், அடுத்து வரும் ஏற்றம் ஏற்றமாகத் தெரியாது.

இரண்டாம் இடையிசையில் முதல் 4 சுற்றுகளுக்கு நான்கு ஷாட்டுகள், அடுத்த 4 சுற்றுகளுக்கு எட்டு, கடைசி 2 சுற்றுகளுக்கு ஒரே ஒரு ஷாட். இந்தக் கடைசி ஷாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வேகம் ஏறிக்கொண்டே போய்த் தாலியில் முட்டவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வேகமான எட்டு ஷாட்டுகளுக்குப் பிறகு 6.4 வினாடி அசையாமல் நிற்கும் ஒரு முகம் வந்தால், பார்ப்பவரின் மூச்சு அங்கே நிற்கிறது. தாலித் தட்டு சபையில் எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கி மேடைக்குத் திரும்பிய பின், மணமகள் தலைகுனிந்து காத்திருக்கும் நீண்ட க்ளோஸ்-அப் இதற்கு மிகவும் ஏற்றது. 50 பிரேமில் எடுத்தது இருந்தால், பாதி வேகத்தில் ஓட்ட மூன்று வினாடிக்குச் சற்று மேலான காட்சியே போதும்.

ஷாட்டை எங்கே வெட்டுவது என்பதைவிட, ஷாட்டுக்குள் இருக்கும் அசைவு எங்கே விழுகிறது என்பது முக்கியம். மாலை தோளில் விழும் பிரேம், கதவு திறக்கும் பிரேம், சிரிப்பு வெடிக்கும் பிரேம் ஆகியவற்றைச் சுற்றின் முதல் அடியில் பொருத்திவிட்டால், வெட்டு சற்று முன்னதாகவோ பின்னதாகவோ இருந்தாலும் படம் பாட்டோடு சேர்ந்து நடப்பதுபோலவே இருக்கும். மாறாக, வெட்டுகள் எல்லாம் சரியாக அடியில் விழுந்து, அசைவுகள் எல்லாம் இடையில் எங்கோ நடந்துமுடிந்தால், காரணம் தெரியாத ஒரு தட்டல் இருந்துகொண்டே இருக்கும். அடியில்தான் வெட்டவேண்டும் என்ற இடங்களில், ஒன்று அல்லது இரண்டு பிரேம் முன்னதாக வெட்டிப்பாருங்கள். புதிய படத்தைக் கண் உள்வாங்கச் சற்று நேரம் எடுப்பதால், முன்னதாக வெட்டியதே பெரும்பாலும் சரியான இடத்தில் இருப்பதாகத் தோன்றும்.

குரல் ஒலிக்கும் பகுதிகளில் தாளத்தோடு பாடுபவரின் மூச்சையும் கவனிக்கவேண்டும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் அவர் மூச்செடுக்கும் இடம் வெட்டுவதற்கு மிகவும் இயல்பான இடம். ஒரு சொல்லை நீட்டிப் பாடும்போது நடுவில் வெட்டினால் அந்தச் சொல்லும் கெடும், ஷாட்டும் கெடும். வரியில் பூ என்று வந்தால் பூவையும், நிலா என்று வந்தால் விளக்கையும் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை தற்செயல்போல அமைந்தால் அழகு, மூன்றாவது முறை விளக்கப்படம் ஆகிவிடும்.

கெட்டிமேளத்தின் எட்டு வினாடிகள்

இந்த எட்டு வினாடிக்கு ஒலியை முதலில் வைத்துவிட்டு, அதன் மேல் படத்தை வைக்கவேண்டும். 50 பிரேம் காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதோடு வரும் ஒலி பயன்படாது. கேண்டிட் கேமரா அந்த நேரத்தில் இடம் மாறிக்கொண்டும் இருந்திருக்கும். எனவே இடைவிடாமல் ஓடிய ட்ரெடிஷனல் கேமராவின் ஒலியை எடுங்கள். தவில் மேடைக்குப் பக்கத்தில் இருந்தால், ஒலிப்பதிவு அளவு மீறிப்போயிருக்கலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது உச்சிகள் கூராக இல்லாமல் மேலே வெட்டியதுபோலத் தட்டையாக இருந்தால், அந்த ஒலி உடைந்துவிட்டது; அளவைக் குறைப்பதால் சரியாகாது. தொலைவில் இருந்த வேறொரு கேமராவின் ஒலியைத் தேடுங்கள். சற்று எதிரொலியோடு இருந்தாலும், உடைந்த ஒலியைவிட அது மேல்.

நாதஸ்வரத்தைப் பாட்டின் அடியில் மெல்லியதாக ஓடவிடலாமே என்று தோன்றும். பாட்டின் சுருதி ஒன்று, நாதஸ்வரத்தின் சுருதி வேறொன்று. இரண்டும் ஒருசேர ஒலித்தால் இசை தெரியாதவர்களுக்கும் காது கூசும். தவிலின் வேகமும் நம் பாட்டின் 75 அடிகளோடு சேராது. எனவே ஒன்று ஒலிக்கும்போது மற்றது முழுவதும் நிற்கட்டும். இடையிசையின் கடைசி அடியில் பாட்டை நிறுத்தி, அந்தக் கடைசி ஸ்வரத்தின் அதிர்வு அடங்க அரை வினாடி எதிரொலி கொடுத்து, அதற்குள் கெட்டிமேளத்தை எழவிடுங்கள். எட்டு வினாடி முடிவில், இரண்டாம் சரணத்தின் முதல் சொல் ஒலிக்கும் அதே பிரேமில் மேளத்தை நிறுத்தாமல், ஒரு வினாடி முன்பிருந்தே தணியவிட்டால் பாடுபவரின் குரல் தெளிவாக நுழையும்.

படத்தில் நான்கு ஷாட்டுகள். முதலாவது, மேளக்காரர்களை நோக்கி உயரும் கை. இரண்டாவது, தாலியைப் பிடித்த மணமகனின் விரல்கள் மணமகளின் கழுத்துக்குப் பின்னால் முதல் முடிச்சிடுவது. மூன்றாவது, அடுத்த முடிச்சுகளுக்காக நீளும் நாத்தனாரின் கைகள். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்றவற்றை நாத்தனாரும் இடும் வழக்கமுள்ள வீடுகளில் இந்த ஷாட்டை விட்டுவிட்டால், அந்தச் சகோதரி வருத்தப்படுவார். நான்காவது, அட்சதை விழும் வைட் ஷாட். முதல் மூன்றும் இயல்பான வேகத்தில் இருக்கவேண்டும், ஏனென்றால் ஒலி இயல்பான வேகத்தில் ஓடுகிறது. மெதுவாக அசையும் விரல்களின் மேல் விரைந்து அடிக்கும் தவில் ஒட்டாது. நான்காவது மட்டும் பாதி வேகத்தில் தொடங்கி, மேளம் தணிந்து குரல் நுழையும் இடத்தைக் கடந்து சரணத்துக்குள் ஒரு சுற்று நீண்டால், பாட்டு நின்று மீண்டும் தொடங்கிய தையல் தெரியாது.

மேடையில் புகைப்படக்காரர்கள் கூடி நின்றதால் முடிச்சிடும் காட்சி மறைந்துபோயிருப்பதும் உண்டு. அப்போது வேறு சடங்கின் கைகளைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அந்த எட்டு வினாடியில் எதிரே அமர்ந்திருந்த தாய் தந்தையரின் முகங்களையே வைக்கலாம். ஒலி என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

இதன் பிறகு இரண்டாம் சரணத்தில் 11 ஷாட்டுகள், இறுதிப் பல்லவியில் நான்கு. மெட்டி, அம்மி, அருந்ததி ஆகியவை சரணத்தின் முதல் பாதியிலேயே வந்துவிடட்டும். பிற்பாதி முழுவதும் முகங்களுக்கானது: கட்டிப்பிடித்தல், கண் துடைத்தல், காலில் விழும் மணமக்களைத் தூக்கிவிடும் கைகள். இறுதிப் பல்லவியில் சடங்கு எதுவும் வேண்டாம்.

கொடுப்பதற்கு முன்

முடித்த படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாட்டு தாங்கிக்கொண்டிருந்த பலவீனமான ஷாட்டுகள் அப்போது தனியாகத் தெரியும். அவை வழக்கமாக முதல் சரணத்தின் நடுவில் இருக்கும். பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பாட்டு நின்று மேளம் எழும் இடத்திலும், மேளம் தணிந்து குரல் நுழையும் இடத்திலும் ஒலியின் அளவு திடீரெனக் குதிக்கக்கூடாது. கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டுப்பார்ப்பது அவசியம், ஏனென்றால் பெரும்பாலான உறவினர்கள் வாட்ஸ்அப்பில் வந்ததை அதில்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு பெயர்ப்பட்டியல். மணமக்களிடம் முன்பே வாங்கிவைத்த பட்டியலை எடுத்து, இரு வீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், அத்தை ஆகியோர் ஒவ்வொருவரும் முகம் தெரியும்படி ஒருமுறையாவது வந்திருக்கிறார்களா என்று குறித்துக்கொண்டே பாருங்கள். விடுபட்டவர் இருந்தால், பல்லவியிலோ இரண்டாம் சரணத்தின் பிற்பாதியிலோ இடத்தைக் காட்டும் ஒரு ஷாட்டை எடுத்துவிட்டு அந்த 80 பிரேமில் அவர் முகத்தை வையுங்கள். நீளம் மாறாததால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எதையும் நகர்த்தவேண்டியிராது.